பூசணம் பிடித்த வரகு: எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிக் காயவைத்துச் சேமிப்பது?

வேளச்சேரி வாசுகி · 9 நவம்பர் 2024, காலை 7:40

மத்தியப் பிரதேசத்தில் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் வரகு தின்று செத்துப்போனதாகச் செய்தி படித்ததிலிருந்து மனசே சரியில்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை. இரவுக்கு வரகரிசிக் கஞ்சிதான். டப்பாவில் இரண்டு கிலோ இருக்கிறது, மாவு அரைத்ததும் கொஞ்சம் இருக்கிறது. எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா? வரகிலேயே விஷம் இருக்கிறதா, இல்லை அந்த ஊர் வரகு வேறு வகையா? கடையில் வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்குவது?

கரிசல் மில் · 9 நவம்பர், மதியம் 1:15

கொட்ட வேண்டாம். அங்கே விளைவதும் நம் ஊரில் விளைவதும் ஒரே வரகுதான், அதற்குள் இயல்பாக விஷம் கிடையாது. கதிர் முற்றும்போதோ அறுத்துக் கிடக்கும்போதோ மழையோ பனியோ பிடித்தால் அதில் பூசணம் ஏறும். அந்தப் பூசணம் சுரக்கும் நஞ்சுதான் ஆளையும் மாட்டையும் யானையையும் சாய்க்கிறது. சைக்ளோபியசோனிக் அமிலம் என்று அதற்குப் பெயர். கோதோ தின்றவர்களுக்கு வரும் மயக்கத்துக்கு இந்த அமிலம்தான் காரணம் என்று 1985-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை வந்துவிட்டது. வடக்கே வரகைக் கோதோ என்பார்கள்.

நான் டி.கல்லுப்பட்டிப் பக்கம். சொந்தமாக வரகு போடுகிறேன், சுற்றுப்பட்டில் வாங்கி உமி நீக்கியும் கொடுக்கிறேன். எங்கள் பெரியவர்கள் இதைக் கிறுக்கு வரகு என்பார்கள். மழையில் அடிபட்ட வரகை மில்லுக்குள்ளேயே விடமாட்டார் எங்கள் அப்பா.

உங்கள் டப்பாவில் இருக்கிற அரிசியை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். கருத்தது, பச்சையோ சாம்பலோ படிந்தது, இரண்டு மூன்று மணி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானது எதுவும் இருக்கக் கூடாது. ஒரு கை அள்ளி மூக்குப் பக்கத்தில் வைத்து ஊதி முகருங்கள். மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த அறையின் வாடை வந்தால் அதைச் சாப்பிட வேண்டாம்.

கரிசல் மில் · 9 நவம்பர், மதியம் 1:40

மேலே சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போனது. பார்வைக்கும் மூக்குக்கும் பிடிபடுவது பூசணம்தான், நஞ்சு இல்லை. பூசணம் பிடித்த வரகை நன்றாகக் காயவைத்து, உமி நீக்கி, தீட்டி, காற்றில் தூற்றிவிட்டால் அரிசி வெள்ளையாகத்தான் இருக்கும். நஞ்சு கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கலாம். அதனால் தட்டில் பரப்பிப் பார்ப்பது கெட்டதை ஒதுக்க உதவும், நல்லது என்று சான்று கொடுக்காது. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்த ஊர் வரகு, அறுப்பு நேரத்தில் அங்கே மழையா என்பதுதான். பதில் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

சேலம் செல்வம் · 9 நவம்பர், இரவு 9:05

வண்டு வராமல் இருக்க வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு வைத்தால் போதும். நாங்கள் எல்லாத் தானியத்துக்கும் அதைத்தான் செய்கிறோம், ஒரு வருஷம் ஆனாலும் ஒன்றும் ஆகாது.

கரிசல் மில் · 9 நவம்பர், இரவு 9:30

செல்வம் அண்ணே, அது வண்டுக்கு. பூசணம் ஈரத்தால் வருவது. ஈரமான தானியத்தில் பச்சை வேப்பிலையைப் போட்டால் இலையின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். போடுவதானால் நிழலில் சருகாகக் காயவைத்துப் போடுங்கள்.

திருச்சி ராஜ்குமார் · 10 நவம்பர், காலை 10:20

யானைகளை யாரோ பூச்சிமருந்து வைத்துக் கொன்றிருப்பார்கள். பயிர் நாசமான கோபத்தில் செய்துவிட்டு வரகு மேல் பழி போடுகிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் மனுஷன் சாப்பிடுகிற தானியம் 10 யானையைக் கொல்லுமா?

மாட்டு டாக்டர் · 10 நவம்பர், மாலை 6:50

அந்தச் சந்தேகம் எல்லோருக்கும் முதலில் வந்தது, அதைத்தான் முதலில் சோதித்தும் பார்த்தார்கள். 13 யானைகள் இருந்த கூட்டம். அக்டோபர் 29-ஆம் தேதி நான்கு யானைகளைச் செத்த நிலையில் பார்த்தார்கள், பக்கத்திலேயே மற்றவை எழ முடியாமல் கிடந்தன. 31-ஆம் தேதிக்குள் 10 போய்விட்டன. உள்ளுறுப்பு மாதிரிகள் பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போயின. சயனைடு, கன உலோகம், பூச்சிமருந்து வகைகள் எதுவும் அகப்படவில்லை. சைக்ளோபியசோனிக் அமிலம் 100 பிபிபி-க்கு மேல், அதாவது கிலோவுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. கதிரும் பயிருமாகப் பெரிய அளவில் வரகை மேய்ந்திருந்தன என்று சொன்னார்கள்.

அளவுதான் இங்கே விஷயம். யானை நாம் கஞ்சி குடிக்கிற மாதிரி ஒரு கிண்ணம் தின்பதில்லை. ஒரே ராத்திரியில் ஒரு வயலை முடித்துவிடும்.

இந்த நஞ்சு தசையையும் நரம்பையும் பிடிக்கும். தசை சுருங்கியபின் தளர வேண்டுமானால் கால்சியத்தைத் திரும்ப உள்ளே இழுக்க வேண்டும், அந்த வேலையை இது நிறுத்திவிடுகிறது. நடுக்கம், தள்ளாட்டம், எழ முடியாமை எல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

மாட்டு டாக்டர் · 10 நவம்பர், மாலை 7:05

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 1933 டிசம்பரில் வண்ணாத்திப்பாறை காப்புக்காட்டில் 14 யானைகள் வரகு தின்று இறந்தன. அடுத்த வருஷமே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அதைக் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். மாதத்தைக் கவனியுங்கள், அது நமக்கு வடகிழக்குப் பருவமழை.

திருச்சி ராஜ்குமார் · 10 நவம்பர், இரவு 8:15

1933 விஷயம் எனக்குத் தெரியாது. சரி. ஆனாலும் வேறு லேபும் இதையே சொன்னதா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

திண்டிவனம் மல்லிகா · 12 நவம்பர், காலை 11:30

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பல வருஷம் முன்பு, கார்த்திகை மழையில் நனைந்த வரகை மாமியார் வெயிலில் ஒரு நாள் காட்டிவிட்டுக் குத்திச் சோறு ஆக்கினார். மாமனார், என் கணவர், வேலைக்கு வந்திருந்த இரண்டு பேர் சாப்பிட்டார்கள். எனக்குப் பிள்ளை பிறந்து பத்தியம், நான் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமனார் தலை சுற்றுகிறது என்று திண்ணையில் உட்கார்ந்தார். அப்புறம் வாந்தி. கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. என் கணவர் எழுந்து நின்றால் சாராயம் குடித்தவர் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், பேச்சுக் குழறுகிறது. வேலைக்காரர்களில் சின்னப் பையன் அப்படியே தூங்கிப்போய்விட்டான், தட்டி எழுப்பினால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொள்கிறான்.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது என்ன சரக்கு, எங்கே வாங்கியது என்றுதான். நாலு ஆம்பளைகளும் தள்ளாடிக்கொண்டு போனால் அப்படித்தானே நினைப்பார்கள். மாமியார் அழுதுகொண்டே வரகு வரகு என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். மறுநாள் மூவர் தெளிந்தார்கள், மாமனாருக்கு மட்டும் இன்னும் ஒரு நாள் கை நடுக்கம் இருந்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் வரகே ஆக்குவதில்லை.

கரிசல் மில் · 12 நவம்பர், மதியம் 2:00

அக்கா எழுதியதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். ஒரே பானைச் சோறு சாப்பிட்ட எல்லோருக்கும் ஒன்றாக, சில மணி நேரத்துக்குள் தலைச்சுற்றல், வாந்தி, நடுக்கம், போதை மாதிரித் தள்ளாட்டம், அப்புறம் அசந்த தூக்கம். சாப்பிடாத ஆளுக்கு ஒன்றும் இல்லை. இப்படி வந்தால் வரகைச் சந்தேகிக்க வேண்டும். சாதாரணமாகக் கெட்டுப்போன சாப்பாட்டில் வயிற்றுப்போக்குதான் முன்னால் நிற்கும், இதில் தலையும் கைகாலும் முன்னால் நிற்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மிச்சச் சோற்றையும், சமைக்காத அரிசியில் ஒரு பிடியையும் தனித்தனியாகக் கட்டி எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்பதற்கு முன்பே "இத்தனை மணிக்கு, இத்தனை பேர், மழையில் நனைந்த வரகுச் சோறு சாப்பிட்டோம், குடிக்கவில்லை" என்று சொல்லிவிடுங்கள்.

நாட்டு மருந்து நல்லசிவம் · 12 நவம்பர், மாலை 5:45

இதற்கு ஏன் ஆஸ்பத்திரி? புளியைக் கரைத்துக் கொடுத்தால் முறிந்துவிடும். கொய்யாப் பழம், வாழைத்தண்டுச் சாறும் கொடுப்பார்கள். வடக்கே மலைவாசி மக்கள் காலங்காலமாக இதைத்தான் செய்கிறார்கள். வாந்தி எடுத்தால் விஷம் வெளியே போகும், நல்லதுதான்.

வாணியம்பாடி நர்ஸ் · 12 நவம்பர், இரவு 10:10

ஐயா, தெளிவாக உட்கார்ந்து பேசுகிறவர் தானாகப் புளித்தண்ணீர் குடித்தால் நான் தடுக்கமாட்டேன். மயங்கிச் சொக்கிக்கொண்டிருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம். இந்த நஞ்சில் விழுங்குவதே சிரமமாகிவிடும். ஊற்றியது நுரையீரலுக்குப் போனால், ஒரு நாளில் தெளிந்திருக்க வேண்டியவர் அதனாலேயே போய்விடுவார். வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-க்குப் போன் பண்ணுங்கள், மூச்சைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இதற்கென்று மாற்று மருந்து எதுவும் கிடையாது. நாங்களும் டிரிப் ஏற்றுவோம், வலிப்பு வந்தால் அதற்கு ஊசி போடுவோம், மூச்சையும் நாடியையும் கவனிப்போம், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் வீட்டில் முடியாது.

இன்னொன்று. ஊமத்தை விதை கலந்திருந்தாலும் உளறல், தள்ளாட்டம் வரும். அதில் வாய் வறண்டு கண்பாவை விரிந்திருக்கும். பூச்சிமருந்தானால் பாவை குண்டூசித்தலை அளவு சுருங்கி, எச்சில் ஒழுகும். இதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர். எங்களிடம் வந்து நீங்களே "வரகுதான்" என்று முடிவாகச் சொல்லிவிடாமல், சாப்பிட்டதை எல்லாம் சொல்லுங்கள்.

நாட்டு மருந்து நல்லசிவம் · 13 நவம்பர், காலை 6:30

மயங்கியவருக்கு ஊற்றக் கூடாது என்பதை ஏற்கிறேன். புளி முறிக்கும் என்பதை விடமாட்டேன்.

வேளச்சேரி வாசுகி · 13 நவம்பர், காலை 8:00

பரப்பிப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாகக் கழுவி, ஊறவைத்து, குக்கரில் ஆறு விசில் விட்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும்தானே?

கரிசல் மில் · 13 நவம்பர், மதியம் 12:40

போகாது. இந்த நஞ்சு சூட்டுக்கு அசையாது, குக்கர் சூடெல்லாம் அதற்கு ஒன்றும் இல்லை. கழுவுவதும் ஊறவைப்பதும் மேலே ஒட்டிய பூசணத் தூளைப் போக்கும். ஊறும்போது மிதக்கிற சொத்தையைத் தள்ளிவிடுவதும் நல்லது. அதற்கு மேல் சமையலறையில் செய்ய ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியதெல்லாம் களத்தில்.

மாவு அரைத்து வைத்ததாக எழுதியிருந்தீர்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மாவில் நிறமும் தெரியாது, கட்டியும் தெரியாது. அரிசியாக வாங்கி, பார்த்து, அன்றன்றைக்கு அரையுங்கள்.

ஆராய்ச்சி மாணவி · 17 நவம்பர், மாலை 4:25

நான் உணவுப் பாதுகாப்பு படிக்கிறேன், வரகில் நேரடியாக வேலை செய்ததில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பல சிறுதானியக் கம்பெனிகள் "லேபில் சோதித்தது" என்று போடுகிறார்கள். பெரும்பாலும் சோதிப்பது அஃப்ளாடாக்சின் என்ற இன்னொரு பூசண நஞ்சை. தானியத்தில் அதற்கு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்று வரம்பு இருக்கிறது. ஆனால் வரகில் வரும் பூசணங்களில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளாவஸ் என்பது இரண்டு நஞ்சையும் சுரக்கக் கூடியது, ஆஸ்பெர்ஜில்லஸ் டமாரி என்பது சைக்ளோபியசோனிக் அமிலத்தை மட்டும் சுரக்கும். அதனால் அஃப்ளாடாக்சின் ரிப்போர்ட் சுத்தமாக வந்த வரகில்கூட மற்றது இருக்கலாம்.

கரிசல் மில் · 17 நவம்பர், இரவு 8:50

இது எனக்குப் புதுசு. நானும் அஃப்ளாடாக்சின் ரிப்போர்ட் வாங்கித்தான் வைத்திருக்கிறேன். அடுத்த தடவை லேபில் இந்த அமிலத்தின் பெயரை எழுதிக் கொடுத்துக் கேட்கிறேன்.

மயிலம் விவசாயி · 3 டிசம்பர், காலை 5:50

அவசரம். ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் ஊர் முழுக்கத் தண்ணீர். வரகை அறுத்துக் கட்டுக் கட்டிப் போர் போட்டிருந்தேன், ஒரு ஏக்கர். தார்ப்பாய் போட்டிருந்தும் காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. போர் நனைந்து நிற்கிறது. மழை இப்போதுதான் விட்டிருக்கிறது, வெயில் இல்லை. அப்படியே விட்டு வெயில் வந்ததும் பிரிக்கலாமா, இல்லை ஈரத்தோடு அடித்துவிடலாமா?

கரிசல் மில் · 3 டிசம்பர், காலை 6:20

தம்பி, இப்போதே பிரி. வெயிலுக்குக் காத்திருக்காதே. நனைந்த போர் உள்ளே புழுங்கும், அந்தச் சூட்டில்தான் பூசணம் ஓடும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கிலும் கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுப் பார். வெளியே இருக்கிற கட்டு சில்லென்று நனைந்திருக்கும், அது பரவாயில்லை. நடுவில் எங்காவது கதகதவென்று இருந்து, கையை எடுத்து முகர்ந்தால் புளிச்ச வாடை வந்தால், கதிரில் வெள்ளையாக நூல் மாதிரியோ பச்சைத் தூளாகவோ ஏதாவது இருந்தால், அந்தக் கட்டுகளை முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தூர எடுத்துப் போட்டுவிடு. நல்லதோடு சேர்த்து அடிக்காதே. அடித்தபின் பிரிக்கவே முடியாது, பத்துக் கட்டுக் கெட்டது முழு அம்பாரத்தையும் கெடுக்கும்.

நல்ல கட்டுகளைக் கொட்டகைக்குள் ஒற்றை ஒற்றையாகச் சாய்த்து நிறுத்து. கதிர் மேலே, ஒன்றோடொன்று ஒட்டாமல். பெரிய பேன் இருந்தால் ராத்திரி முழுக்க ஓடட்டும்.

மயிலம் விவசாயி · 3 டிசம்பர், இரவு 9:40

கரெண்ட் இல்லை. கொட்டகையில் பாதிதான் பிடித்தது, மீதியைப் பள்ளிக்கூட வராந்தாவில் கேட்டு வைத்திருக்கிறேன். நடுவில் சூடு இருந்தது அண்ணே. கதிரைப் பிசைந்தால் கையில் ஒட்டுகிறது. அது மட்டும் ஒரு வண்டி வரும். அப்பா மாட்டுக்காவது போடலாம் என்கிறார்.

மாட்டு டாக்டர் · 3 டிசம்பர், இரவு 10:30

போடாதீர்கள். மாட்டுக்கும் இதே தள்ளாட்டம்தான் வரும், கறவை மாட்டுக்கு வந்தால் அந்தப் பாலைக் குடிக்கிற வீட்டையும் யோசிக்க வேண்டும். கோழிக்கும் வேண்டாம். தாள் வீணாகிறது என்று அப்பா சொன்னால், கதிரோடு சேர்ந்த தாளில்தான் தானியம் தங்கியிருக்கும் என்று சொல்லுங்கள். காட்டோரம் கொட்டவும் கூடாது, மானும் மயிலும் வரும். காய்ந்தபின் எரித்துவிடுங்கள், முடியாவிட்டால் ஆழமாகப் புதையுங்கள்.

சேலம் செல்வம் · 4 டிசம்பர், காலை 9:00

உரத்துக்குக் குப்பையில் போட்டால் என்ன? மக்கிப்போகுமே.

மாட்டு டாக்டர் · 4 டிசம்பர், மதியம் 1:20

கோழி கிளறாத மூடிய குழியானால் போடலாம். நம் வீட்டுக் குப்பைமேட்டில் கோழிதான் முதலில் நிற்கும்.

மயிலம் விவசாயி · 11 டிசம்பர், மாலை 6:15

வெயில் வந்துவிட்டது. நல்ல கட்டுகளை அடித்துத் தூற்றிவிட்டேன். பல்லில் கடித்தால் கட்டென்று உடைகிறது. சாக்கில் கட்டலாமா?

கரிசல் மில் · 11 டிசம்பர், இரவு 7:30

வரகைப் பல்லில் கடித்து முடிவு பண்ணாதே. அதன் உமி கல் மாதிரி, ஈரமாக இருக்கும்போதே கட்டென்றுதான் உடையும். சோளத்துக்கும் நெல்லுக்கும் சரியாக வருகிற சோதனை இதற்கு வராது.

மாய்ஸ்சர் மீட்டர் கிடைத்தால் அதில் பார். சொசைட்டியிலோ பெரிய வியாபாரியிடமோ இருக்கும். 12 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் நான் மூட்டை கட்டுவேன். மீட்டர் இல்லையென்றால் உப்புச் சோதனை செய்: உப்பை வாணலியில் வறுத்து ஆறவிடு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு வரகைப் போடு, இரண்டு மூன்று கரண்டி உப்புப் போடு, மூடி ஒரு நிமிஷம் குலுக்கு. கால் மணி நேரம் அப்படியே வை. பாட்டில் சுவரில் உப்பு ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், மறுபடி களத்துக்குப் போக வேண்டும். உப்பு ஒட்டாமல் தானியத்தோடு கீழே விழுந்தால் 15-க்குக் கீழே வந்துவிட்டது. அப்போதும் மூட்டை கட்டிவிடாதே, 15-க்கும் 12-க்கும் இடையில் எங்கே நிற்கிறது என்று உப்பு சொல்லாது. இன்னும் இரண்டு நல்ல வெயில் காட்டு.

காயவைக்கும்போது மண் தரையில் கொட்டாதே, இந்தப் பூசணம் மண்ணில்தான் குடியிருக்கிறது. தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மணிக்கு ஒரு தடவை காலால் கிண்டிவிடு. வெயில் சாயும் முன்பே கூட்டி மூடிவிடு. மார்கழிப் பனி பகல் முழுக்கக் காய்ந்ததை ஒரே ராத்திரியில் திரும்ப ஈரமாக்கிவிடும்.

மயிலம் விவசாயி · 12 டிசம்பர், மாலை 5:00

உப்பு ஒட்டுகிறது!

கரிசல் மில் · 12 டிசம்பர், மாலை 5:20

அதுதான் சொன்னேன். காயவை.

மயிலம் விவசாயி · 20 டிசம்பர், மதியம் 12:10

வியாபாரியிடம் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 11.8 காட்டியது. நடுவில் மறுபடி ஒரு மழை வந்து உயிரை எடுத்துவிட்டது. அம்மா பழைய குலுக்கையில் கொட்டச் சொல்கிறார், தம்பி இரும்பு டிரம் வாங்கலாம் என்கிறான். எது நல்லது?

கரிசல் மில் · 20 டிசம்பர், இரவு 8:40

காய்ந்த வரகுக்கு இரண்டுமே நல்லது, ஈர வரகுக்கு இரண்டுமே கேடு. எதுவானாலும் களத்துச் சூட்டோடு கொட்டாதே. ராத்திரி நிழலில் ஆறவிட்டுக் காலையில் கொட்டு. சூடாக டிரம்மில் அடைத்தால் மூடிக்கு அடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் மேல் அடுக்கில் சொட்டும். திறந்து பார்த்தால் மேலே ஒரு சாண் மட்டும் கட்டிபிடித்திருக்கும். என்னிடம் வந்த டிரம் வரகில் கெட்டதெல்லாம் இப்படித்தான் கெட்டது.

குலுக்கையானால் அடியில் விரிசல் இருக்கிறதா பார், தரையிலிருந்து ஈரம் ஏறாமல் பலகையோ கல்லோ கொடுத்துத் தூக்கி வை. சாக்கு மூட்டையும் அப்படித்தான், கட்டைமேல் அடுக்கி, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வை. மாசத்துக்கு ஒரு தடவை நடுவில் கையை விட்டுப் பார். கதகதப்பு தட்டினால் அன்றைக்கே களத்தில் கொட்டு.

உமியோடுதான் வைக்க வேண்டும். உமி நீக்கிய அரிசி ஈரத்தைச் சீக்கிரம் பிடிக்கும், சிக்கு வாடையும் வந்துவிடும். வீட்டுக்கு வேண்டியதை மட்டும் அப்பப்போ தீட்டிக்கொள்ளுங்கள்.

திண்டிவனம் மல்லிகா · 21 டிசம்பர், காலை 7:15

எங்கள் பக்கம் பழைய வரகுதான் நல்லது, புது வரகு மயக்கும் என்பார்கள். ஒரு வருஷம் வைத்துவிட்டால் மயக்கம் போய்விடும் என்று மாமியார் கடைசி வரை சொல்வார். அது உண்மையா?

கரிசல் மில் · 21 டிசம்பர், மதியம் 3:30

எங்கள் ஊரிலும் சொல்கிறார்கள். நான் அதை நம்பி எதையும் சாப்பிடமாட்டேன். ஒரு வருஷம் கெடாமல் நின்ற வரகு தொடக்கத்திலேயே நன்றாகக் காய்ந்த வரகாக இருந்திருக்கும். ஈரமாக வைத்தது நடுவிலேயே கட்டிபிடித்துக் குப்பைக்குப் போயிருக்கும். அதனால் மிஞ்சியதெல்லாம் நல்லதாகத் தெரிகிறது.

மாட்டு டாக்டர் · 21 டிசம்பர், மாலை 6:00

நான் அவ்வளவு அடித்துச் சொல்லமாட்டேன். பல ஊர்களில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மக்கள் ஒரே மாதிரி சொல்கிறார்கள். நாள்பட நாள்பட நஞ்சு கொஞ்சம் குறையலாம். ஆனால் எத்தனை மாதத்தில் எவ்வளவு குறையும் என்று தெரியாமல், நனைந்த வரகை வைத்திருந்து சாப்பிடு என்று யாருக்கும் சொல்ல முடியாது. இதில் மில்காரரும் நானும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம்.

மயிலம் விவசாயி · 6 ஜனவரி 2025, காலை 10:45

லேபில் கொடுத்தேன். அஃப்ளாடாக்சின் வரம்புக்குள். மற்ற அமிலம் அங்கே பார்ப்பதில்லையாம், வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும், அந்தக் காசு என் வரகு விலையில் பாதி வரும். வியாபாரி இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். நீங்களாக இருந்தால் விற்பீர்களா?

கரிசல் மில் · 6 ஜனவரி, மதியம் 2:10

போர் நனைந்ததை வியாபாரியிடம் சொன்னாயா? சொல்லாமல் விற்காதே. நானாக இருந்தால் உன்னிடமிருந்து சாப்பாட்டுக்கு வாங்கமாட்டேன், கோபிக்காதே. நீ எல்லாம் சரியாகத்தான் செய்தாய். ஆனால் நல்ல கட்டு என்று வைத்ததும் அதே போரில் சூடேறிய கட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று நாள் இருந்தது.

ஆராய்ச்சி மாணவி · 6 ஜனவரி, மாலை 5:30

ஊரில் இன்னும் எத்தனை பேருக்கு இதே நிலை? நாலைந்து பேர் சேர்ந்து அனுப்பினால் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். எல்லோருடையதையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், தனித்தனி மாதிரியாக அனுப்புங்கள். மாதிரியை மூட்டையின் வாயிலிருந்து மட்டும் அள்ளாமல், மேல், நடு, அடி என்று ஒவ்வொரு மூட்டையிலும் எடுத்துச் சேர்க்க வேண்டும். பூசணம் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது, ஒரு பிடியில் இல்லாதது அடுத்த பிடியில் இருக்கும்.

மயிலம் விவசாயி · 9 ஜனவரி, இரவு 9:20

மூன்று பேர் சேர்ந்து அனுப்புகிறோம். ரிப்போர்ட் வரும் வரைக்கும் விற்கவில்லை, வீட்டிலும் ஆக்கவில்லை. விதைக்கு வைக்கலாமா அண்ணே?

கரிசல் மில் · 9 ஜனவரி, இரவு 9:50

விதைக்கு வைக்கலாம், முளைப்பு மட்டும் பார்த்துக்கொள். ஈரத்துணியில் 100 மணி போட்டு எத்தனை முளைக்கிறது என்று எண்ணு. விதை நேர்த்தி செய்துதான் விதைக்க வேண்டும். மூட்டையில் பெரிசாக "விதை, சாப்பிடக் கூடாது" என்று எழுதி, வீட்டு அரிசி இருக்கிற அறையில் வைக்காதே. அம்மாவிடமும் சொல்லிவிடு, பஞ்ச நேரத்தில் விதை மூட்டையைப் பிரிப்பது நம் வீடுகளில் நடக்கிறதுதான்.

வேளச்சேரி வாசுகி · 10 ஜனவரி, காலை 8:30

அப்பாவுக்குக் கஞ்சி தொடர்கிறது. இப்போது பேரையூர்ப் பக்கத்திலிருந்து போன வருஷத்து வரகை உமியோடு வாங்கினேன், சென்னையில் யாரும் தீட்டித் தரமாட்டேன் என்கிறார்கள். மிக்ஸியில் உமி போகுமா?

கரிசல் மில் · 10 ஜனவரி, மதியம் 1:00

போகாது அக்கா, உமியும் குருணையும் ஒன்றாகிவிடும். அதற்கு வரகு உமி நீக்கும் மிஷின்தான் வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து கிலோவாவது சேர்த்து ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். மில்காரரிடம் ஒன்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்: உங்களுக்கு முன்னால் ஓட்டிய வரகின் மிச்சம் மிஷினில் இருக்கும், முதலில் இறங்கும் இரண்டு படியைத் தனியாகப் பிடித்து ஒதுக்கிவிட்டு அப்புறம் உங்கள் பையைப் பிடிக்க வேண்டும்.